ஆதிக்க விதியால் ஆட்ட அணியைச் சுருக்குவது எப்படி: கடைசி ஓவர் கணக்கு ஒன்றின் வழியாக

இருவர் ஆடும் பூச்சியக் கூட்டு ஆட்டத்தில் ஒருவரின் லாபம் அப்படியே மற்றவரின் நஷ்டம். ஒருவரின் உத்திகளை நிரைகளாகவும் மற்றவரின் உத்திகளை நிரல்களாகவும் வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வரும் லாபத்தை எழுதிய எண் அட்டவணையே ஆட்ட அணி. ஒவ்வொருவர் கையிலும் இரண்டே உத்திகள் என்றால் ஒரு சூத்திரத்தில் விடை வந்துவிடும். நான்குக்கு நான்கு என்று வந்தால் நேரடியாகப் போட சிம்ப்ளெக்ஸ் அட்டவணை வேண்டும், தாளில் அது பக்கக்கணக்கில் நீளும். ஆனால் பெரிய அணிகள் பலவற்றில் சில நிரைகளும் நிரல்களும் வெறும் கூட்டத்துக்கு நிற்பவை. புத்தியுள்ள எந்த ஆட்டக்காரரும் அவற்றைத் தொடமாட்டார். அவற்றை அடையாளம் கண்டு அடித்துவிட்டு, மிஞ்சும் சிறிய அணியைத் தீர்ப்பதே ஆதிக்க முறை.

விதி இரண்டு வரிதான். ஆனாலும் தேர்வுத்தாளில் இந்தக் கணக்கில் தவறு குவியும். நிரலின் திசையைத் தலைகீழாகப் பிடிப்பது, சராசரி எடுத்துப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்துவது, "சமம்" வரும் இடத்தில் யோசிக்காமல் அடிப்பது ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. மூன்றையும் கீழே ஒரே கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

கணக்கு

கடைசி ஓவர். பேட்ஸ்மேனுக்கு முடிந்தவரை அதிக ரன் வேண்டும், பந்துவீச்சாளருக்கு முடிந்தவரை குறைவான ரன். ஒருவர் எடுக்கும் ரன்தான் மற்றவர் கொடுக்கும் ரன் என்பதால் இது பூச்சியக் கூட்டு ஆட்டம்.

பேட்ஸ்மேனிடம் நான்கு உத்திகள். கிரீஸுக்குள் ஆழமாகப் போய் நின்று யார்க்கரை அரை வாலியாக மாற்றிக்கொள்வதை "ஆழம்" என்போம். எடையைப் பின்காலில் வைத்து புல் ஷாட்டுக்குக் காத்திருப்பது "பின்கால்". இறங்கி வந்து அடிப்பது "இறங்கல்". எதையும் முன்கூட்டி முடிவு செய்யாமல் பந்தைப் பார்த்து ஆடுவது "பொறுமை". பந்துவீச்சாளரிடம் யார்க்கர், பவுன்சர், ஸ்லோ பந்து, லெங்த் பந்து என்று நான்கு.

அணியில் இருக்கும் எண், அந்த ஜோடி மோதினால் ஓவருக்குச் சராசரியாக எத்தனை ரன் வரும் என்பது. எண்கள் கணக்குக்காக வைத்தவை.

| | யார்க்கர் | பவுன்சர் | ஸ்லோ | லெங்த் |
|---|---|---|---|---|
| ஆழம் | 14 | 8 | 6 | 9 |
| பின்கால் | 5 | 16 | 12 | 15 |
| இறங்கல் | 10 | 3 | 5 | 16 |
| பொறுமை | 9 | 10 | 8 | 11 |

நிரையில் ஆடுபவர் பேட்ஸ்மேன், பெரிய எண்ணைத் தேடுபவர். நிரலில் ஆடுபவர் பந்துவீச்சாளர், சிறிய எண்ணைத் தேடுபவர். அணிக்கு மேலே இதை எழுதிவைத்துவிட்டே தொடங்குங்கள். பிறகு வரும் ஒவ்வொரு அடியும் இந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது.

முதலில் சேணப் புள்ளி இருக்கிறதா?

அடிக்கத் தொடங்குமுன் அரை நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். ஒவ்வொரு நிரையிலும் மிகச் சிறிய எண்ணைக் குறித்தால் 6, 5, 3, 8 கிடைக்கிறது. அவற்றில் பெரியது 8, அது "பொறுமை" நிரையில் இருக்கிறது. ஒவ்வொரு நிரலிலும் மிகப் பெரிய எண்ணைக் குறித்தால் 14, 16, 12, 16. அவற்றில் சிறியது 12, அது ஸ்லோ நிரலில்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் அதுவே சேணப் புள்ளி. அங்கேயே ஆட்டம் முடிந்தது, ஆதிக்க முறையே தேவைப்படாது. இங்கே 8, 12 என்று விலகி நிற்கின்றன. அதனால் சேணப் புள்ளி இல்லை, இருவரும் உத்திகளை ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து, அதாவது கலப்பு உத்தி ஆடவேண்டும். இந்த அரை நிமிடத்தில் இன்னொரு லாபமும் உண்டு: இருவரும் சிறப்பாக ஆடினால் வரும் சராசரி ரன், அதாவது ஆட்டத்தின் மதிப்பு, 8-க்கும் 12-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். கடைசியில் 7.5 என்றோ 13 என்றோ வந்தால் எங்கோ பிழை என்று அப்போதே தெரிந்துவிடும்.

விதியும் அதன் காரணமும்

ஒரு நிரையின் எண்கள் ஒவ்வொன்றும், அதே நிரலில் இருக்கும் இன்னொரு நிரையின் எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் அந்தச் சிறிய நிரையை அடிக்கலாம். பந்துவீச்சாளர் எதைப் போட்டாலும் பேட்ஸ்மேனுக்கு மற்ற நிரையே அதிகம் தருகிறது.

நிரலுக்கு இது திரும்பும். ஒரு நிரலின் எண்கள் ஒவ்வொன்றும் இன்னொரு நிரலின் எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் அந்தப் பெரிய நிரலை அடிக்கலாம். பேட்ஸ்மேன் எப்படி ஆடினாலும் அதில் அதிக ரன் போகிறது.

அடித்ததால் மதிப்பு ஏன் மாறாது? நிரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்ஸ்மேனின் கலப்பு உத்தியில் மட்டமான நிரைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பங்கை அப்படியே தூக்கி மேலான நிரைக்குக் கொடுத்தால் எல்லா நிரலிலும் அவருடைய சராசரி ஏறுகிறது. அப்படியென்றால் முன்னதைச் சிறந்த கலவை என்று சொல்ல முடியாது. ஆக, சிறந்த கலவையில் மட்டமான நிரையின் பங்கு பூச்சியம். பூச்சியமாக இருக்கப்போவதை முன்கூட்டியே எழுதிவிடுகிறோம், அவ்வளவுதான். அடித்தல் என்பது "இந்த உத்தியின் நிகழ்தகவு 0" என்ற வாக்கியம் என்று நினைவில் வைத்தால் கடைசியில் விடை எழுதும்போது குழப்பம் வராது.

அடி 1: லெங்த் போகிறது

நிரைகளை முதலில் ஒப்பிட்டால் எதுவும் விழவில்லை. ஆழத்திடம் யார்க்கரின் உச்சம் 14 இருக்கிறது. பின்காலிடம் பவுன்சரின் 16-ம் ஸ்லோவின் 12-ம் இருக்கின்றன. இறங்கலிடம் லெங்த்தின் 16 இருக்கிறது. பொறுமைக்கு எந்த உச்சமும் இல்லை, ஆனாலும் மூன்றில் எந்த ஒரு நிரையும் அதை எல்லா இடத்திலும் வெல்லவில்லை: யார்க்கரில் பின்கால் 5-தான், பவுன்சரில் ஆழம் 8-தான், இறங்கல் 3-தான்.

ஒரு நிரலில் உச்ச எண்ணை வைத்திருக்கும் நிரையை வேறெந்த நிரையாலும் அடிக்க முடியாது. அதே போல ஒரு நிரையில் மிகச் சிறிய எண்ணை வைத்திருக்கும் நிரலையும் அடிக்க முடியாது. இந்தப் பார்வை பழகிவிட்டால் தேடும் வேலை பாதியாகும்.

நிரல்களுக்கு வருவோம். லெங்த் 9, 15, 16, 11. ஸ்லோ 6, 12, 5, 8. நான்கு இடத்திலும் லெங்த் பெரியது. பந்துவீச்சாளர் லெங்த் போட நினைக்கும் எந்தப் பந்திலும் ஸ்லோ போட்டால் குறைவாகவே போகும். லெங்த்தை அடிக்கிறோம்.

| | யார்க்கர் | பவுன்சர் | ஸ்லோ |
|---|---|---|---|
| ஆழம் | 14 | 8 | 6 |
| பின்கால் | 5 | 16 | 12 |
| இறங்கல் | 10 | 3 | 5 |
| பொறுமை | 9 | 10 | 8 |

அணியை மறுபடி எழுதும்போது பெயர்களையும் சேர்த்தே எழுதுங்கள். வெறும் எண்களாக எழுதிக்கொண்டு போனால், கடைசியில் 2×2 அணி கையில் இருக்கும், அது யாருடைய எந்த உத்தி என்று தெரியாது.

அடி 2: இறங்கல் போகிறது

இறங்கல் இதுவரை பிழைத்திருந்தது லெங்த்துக்கு எதிரான 16 என்ற ஒரே எண்ணால். லெங்த் போனதும் அந்தத் தூண் சரிந்துவிட்டது. இப்போது இறங்கல் 10, 3, 5. ஆழம் 14, 8, 6. மூன்றிலும் ஆழம் மேல். இறங்கலை அடிக்கிறோம்.

பந்துவீச்சாளர் லெங்த் போடமாட்டார் என்பது பேட்ஸ்மேனுக்கும் தெரியும். லெங்த் வராது என்றால் இறங்கி வருவதில் அர்த்தமில்லை. அதனால்தான் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நிரை, நிரல் இரண்டையும் முதலிலிருந்து மறுபடி பார்க்கவேண்டும். ஒருமுறை பார்த்து "எதுவும் விழவில்லை" என்று விட்ட நிரை அடுத்த சுற்றில் விழும்.

அடி 3: பவுன்சர் போகிறது

இதே சங்கிலி மறுபக்கமும் ஓடுகிறது. முன்பு பவுன்சரை ஸ்லோவால் அடிக்க முடியவில்லை, ஏனென்றால் இறங்கி வருபவருக்கு எதிராக பவுன்சர் 3, ஸ்லோ 5. இறங்கலே போய்விட்ட பிறகு பவுன்சர் 8, 16, 10. ஸ்லோ 6, 12, 8. மூன்றிலும் பவுன்சரில் அதிக ரன் போகிறது. அடிக்கிறோம்.

| | யார்க்கர் | ஸ்லோ |
|---|---|---|
| ஆழம் | 14 | 6 |
| பின்கால் | 5 | 12 |
| பொறுமை | 9 | 8 |

அடி 4: கலவையின் ஆதிக்கம்

பலர் இங்கே நின்றுவிடுவார்கள். ஒற்றை நிரையை ஒற்றை நிரையோடு ஒப்பிட்டால் இனி எதுவும் விழாது. பொறுமையை ஆழம் வெல்லவில்லை, ஸ்லோவில் 6-தான். பின்காலும் வெல்லவில்லை, யார்க்கரில் 5-தான். ஆனால் இரண்டையும் கலந்தால்?

பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். யார்க்கரில் 14-க்கும் 5-க்கும் சராசரி 9.5. ஸ்லோவில் 6-க்கும் 12-க்கும் சராசரி 9. பொறுமை தருவது 9-ம் 8-ம். நாணயத்தைச் சுண்டி ஆழம் அல்லது பின்கால் என்று முடிவெடுப்பவர், பந்தைப் பார்த்து ஆடுபவரைவிட இரண்டு பந்திலும் அதிக ரன் எடுக்கிறார். பொறுமை போகிறது.

சேணப் புள்ளி தேடியபோது நிரைகளின் சிறிய எண்களில் பெரியது என்று 8-ஐக் கண்டோம். அது இதே பொறுமை நிரைதான். தனி உத்தி ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னால் மிகப் பாதுகாப்பானது இதுவே. ஆனால் கலக்க அனுமதித்தவுடன் இதற்கு ஒரு சதவீதம்கூட இடமில்லை. "பாதுகாப்பான நிரையைக் கண்டிப்பாக வைத்திருக்கவேண்டும்" என்று நினைத்து இதை அடிக்கத் தயங்குவது சகஜம். அந்தத் தயக்கத்துக்கு அடிப்படை இல்லை.

பாதிக்குப் பாதி இங்கே வேலை செய்தது அதிர்ஷ்டம். முறையாகச் செய்ய, ஆழத்தின் பங்கை t என்று வையுங்கள், பின்காலின் பங்கு 1 − t. இரண்டு நிரலிலும் கலவை பொறுமையைவிடக் குறையக்கூடாது:

```
14t + 5(1 - t)  >=  9    →   t >= 4/9
6t + 12(1 - t)  >=  8    →   t <= 2/3
```

4/9-க்கும் 2/3-க்கும் நடுவில் எந்த t எடுத்தாலும் பொறுமை தோற்கும். ஒரு இடைவெளி கிடைக்கிறது என்பதே நிரூபணம். பாதி அந்த இடைவெளிக்குள் தற்செயலாக விழுந்தது.

விழாத கணக்கையும் பாருங்கள். பொறுமையின் யார்க்கர் எண் 9-க்குப் பதில் 10 என்று வையுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 9.5, அது 10-ஐ வெல்லவில்லை. சராசரி எடுத்துப் பார்ப்பவர் "ஆதிக்கம் இல்லை" என்று எழுதிவிடுவார். ஆனால் t-க்கு இப்போது 5/9 முதல் 2/3 வரை இடம் இருக்கிறது. 0.6 எடுத்தால் கலவை தருவது 10.4-ம் 8.4-ம். 10-ஐயும் 8-ஐயும் வென்றுவிட்டது.

இன்னும் ஒரு படி போய் பொறுமையை 10, 9 என்று மாற்றினால் t குறைந்தது 5/9 ஆகவும் அதிகபட்சம் 1/2 ஆகவும் இருக்கவேண்டும் என்று வருகிறது. அப்படி ஒரு எண்ணே கிடையாது. இடைவெளி காலியாக இருந்தால் இந்த இரண்டு நிரைகளின் எந்தக் கலவையும் அதை வெல்லாது, அடிக்கக்கூடாது. "கிட்டத்தட்ட சமம்தானே" என்று அடித்தால் மதிப்பு 9.2 என்று வரும். உண்மையில் அந்த அணியில் பேட்ஸ்மேன் பொறுமையையும் பின்காலையும் கலந்து 9.375 ரன் எடுக்க முடியும்.

நிரல்களுக்கும் கலவை விதி உண்டு, திசை மட்டும் மாறும். இரண்டு நிரல்களின் ஏதோ ஒரு கலவை எல்லா நிரையிலும் மூன்றாவது நிரலைவிடச் சிறியதாக இருந்தால் அந்த மூன்றாவது போகும்.

2×2-ஐத் தீர்ப்பது

| | யார்க்கர் | ஸ்லோ |
|---|---|---|
| ஆழம் | 14 | 6 |
| பின்கால் | 5 | 12 |

சூத்திரத்தில் இறங்குமுன் இங்கேயும் சேணப் புள்ளி இல்லை என்பதைப் பாருங்கள். நிரைகளின் சிறிய எண்கள் 6, 5. நிரல்களின் பெரிய எண்கள் 14, 12. 6-ம் 12-ம் பொருந்தவில்லை, சரி. சேணப் புள்ளி இருக்கும் அணியில் சூத்திரத்தைப் போட்டால் அது எதிர்ப்பு தெரிவிக்கும். உதாரணமாக 14, 6 ஒரு நிரையாகவும் 10, 9 ஒரு நிரையாகவும் இருக்கும் அணியில் முதல் நிரையின் நிகழ்தகவு −1/7 என்று வரும். நிகழ்தகவு பூச்சியத்துக்குக் கீழே போனாலோ 1-ஐத் தாண்டினாலோ கூட்டல் பிழை என்று தேடாதீர்கள், சேணப் புள்ளியைத் தேடுங்கள்.

a = 14, b = 6, c = 5, d = 12 என்று வைத்தால்:

```
p = (d - c) / (a + d - b - c) = 7/15
q = (d - b) / (a + d - b - c) = 6/15 = 2/5
v = (ad - bc) / (a + d - b - c) = 138/15 = 9.2
```

p என்பது ஆழத்தின் பங்கு, q என்பது யார்க்கரின் பங்கு, v என்பது ஆட்ட மதிப்பு. சூத்திரம் மறந்துபோனால் கவலையில்லை. பந்துவீச்சாளர் யார்க்கர் போட்டாலும் ஸ்லோ போட்டாலும் பேட்ஸ்மேனுக்கு ஒரே சராசரி வரவேண்டும் என்பதை வைத்து 14p + 5(1 − p) = 6p + 12(1 − p) என்று எழுதினால் p = 7/15 தானாக வரும்.

பெரிய அணிக்குத் திரும்புதல்

விடையை 2×2-க்கு மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோனால் கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகாது. கேட்டது 4×4 ஆட்டம். பேட்ஸ்மேனின் சிறந்த உத்தி (7/15, 8/15, 0, 0). பந்துவீச்சாளரின் சிறந்த உத்தி (2/5, 0, 3/5, 0). ஆட்ட மதிப்பு 9.2 ரன், முன்பு சொன்ன 8-க்கும் 12-க்கும் நடுவில்.

அடுத்தது சரிபார்ப்பு. இதை அடித்த நிரை நிரல்களையும் சேர்த்து முழு அணியில்தான் செய்யவேண்டும். பேட்ஸ்மேனின் கலவை யார்க்கருக்கு எதிராக (14×7 + 5×8)/15 = 9.2 தருகிறது. ஸ்லோவுக்கு எதிராகவும் 9.2. அடித்துவிட்ட பவுன்சருக்கு எதிராக 184/15, சுமார் 12.27. லெங்த்துக்கு எதிராக 12.2. எதுவும் 9.2-க்குக் கீழே இல்லை. பந்துவீச்சாளரின் கலவை ஆழத்துக்கு 9.2, பின்காலுக்கு 9.2, இறங்கலுக்கு 7, பொறுமைக்கு 8.4. எதுவும் 9.2-க்கு மேலே இல்லை.

ஒரு பக்கம் "எல்லாம் v அல்லது அதற்கு மேல்", மறுபக்கம் "எல்லாம் v அல்லது அதற்குக் கீழ்" என்று இரண்டும் நின்றுவிட்டால் விடை சரி. நடுவில் எந்த வழியில் அடித்தோம் என்பதே இதன் பிறகு பொருட்டில்லை. கணினி பக்கத்தில் இருந்தால் ஆறு வரியில் முடியும்:

```python
import numpy as np
A = np.array([[14,8,6,9],[5,16,12,15],[10,3,5,16],[9,10,8,11]])
p = np.array([7,8,0,0]) / 15
q = np.array([2,0,3,0]) / 5
print(p @ A)
print(A @ q)
```

இதில் ஒரு எல்லையையும் கவனிக்கவேண்டும். பந்துவீச்சாளர் தவறிப்போய் லெங்த் போட்டால் நம் பேட்ஸ்மேனுக்கு 12.2 ரன் வரும். லெங்த் வருகிறது என்று முன்பே உறுதியாகத் தெரிந்திருந்தால் இறங்கி வந்து 16 எடுத்திருக்கலாம். மதிப்பு 9.2 என்பது எதிராளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கிடைக்கும் உத்தரவாதம். எதிராளியின் முட்டாள்தனத்திலிருந்து முழு லாபத்தையும் கறப்பது இந்த முறையின் வேலை இல்லை.

திசை தவறினால் என்ன ஆகும்

நிரலிலும் "சிறியதை அடி" என்று செய்துவிட்டால்? அடி 1-ல் லெங்த்துக்குப் பதில் ஸ்லோவை அடித்துவிடுவோம். பந்துவீச்சாளரின் மிக நல்ல ஆயுதம் போய்விட்டது. மிச்சத்தை ஒழுங்காகத் தீர்த்தால் ஆழம் 11/17, பின்கால் 6/17, மதிப்பு 184/17, அதாவது சுமார் 10.82 என்று வருகிறது. எண் 8-க்கும் 12-க்கும் நடுவில்தான் இருக்கிறது, நிகழ்தகவுகள் கூட்டினால் 1 வருகிறது, பார்க்க எல்லாம் அழகாக இருக்கிறது.

முழு அணியில் வைத்துப் பார்த்தால்தான் குட்டு உடையும். இந்தக் கலவைக்கு எதிராக ஸ்லோ போட்டால் (6×11 + 12×6)/17, சுமார் 8.12 ரன்தான். 10.82 உத்தரவாதம் என்று எழுதிவிட்டு 8.12-க்கு இறங்குகிறது. அடித்த நிரல்களை விட்டுவிட்டுச் சரிபார்ப்பவருக்கு இந்தப் பிழை கடைசிவரை தெரியாது.

சமம் வரும் இடம்

இதுவரை எல்லா ஒப்பீட்டிலும் ஒன்று மற்றதைவிடக் கண்டிப்பாகப் பெரியதாக இருந்தது. சில இடங்களில் சமமாகவும் மற்ற இடங்களில் பெரியதாகவும் இருந்தால் அதைத் தளர்ந்த ஆதிக்கம் எனலாம். இதற்கு நிஜமான ஒரு உதாரணம் உண்டு.

1943 பிப்ரவரி 28 அன்று ரபௌலில் இருந்து ஜப்பானியக் கப்பல் தொடர் ஒன்று நியூ கினியின் லே துறைக்குப் புறப்பட்டது. நியூ பிரிட்டன் தீவின் வடக்கே போகலாம், அங்கே மேகமும் மழையும். தெற்கே போகலாம், அங்கே வானம் தெளிவு. எப்படியும் 3 நாள் பயணம். நேச நாட்டு விமானப்படைத் தளபதி கென்னி தன் தேடும் விமானங்களை எந்தப் பக்கம் குவிப்பது என்று முடிவெடுக்கவேண்டும். 1954-ல் ஹேவுட் என்ற ஆய்வாளர் இதை ஆட்ட அணியாக எழுதினார். எண் என்பது குண்டு வீசக் கிடைக்கும் நாட்கள்.

| | கப்பல்கள் வடக்கே | கப்பல்கள் தெற்கே |
|---|---|---|
| தேடல் வடக்கே | 2 | 2 |
| தேடல் தெற்கே | 1 | 3 |

கென்னியின் இரண்டு நிரைகளில் எதுவும் மற்றதை வெல்லவில்லை. நிரல்களில் வடக்கு 2, 1. தெற்கு 2, 3. முதல் நிரையில் சமம், இரண்டாவதில் வடக்கு சிறியது. தெற்கை அடித்தால் கென்னியிடம் 2-ம் 1-ம் மிஞ்சுகின்றன, அவர் வடக்கைத் தேர்வு செய்வார், மதிப்பு 2. நடந்ததும் அதுதான்: கப்பல்கள் வடக்கே போயின, தேடலும் வடக்கே குவிந்தது. மார்ச் 2 முதல் 4 வரை நடந்த தாக்குதலில் 8 சரக்குக் கப்பல்களும் மூழ்கின.

மதிப்பு 2 என்பது சரி. ஆனால் தெற்கை அடித்ததில் ஒன்று காணாமல் போனது. ஜப்பானியத் தளபதி நாணயத்தைச் சுண்டி வழியைத் தேர்ந்திருந்தாலும், கென்னி வடக்கே தேடினால் 2 நாள், தெற்கே தேடினால் 1-க்கும் 3-க்கும் சராசரியாக அதே 2 நாள். வடக்கின் பங்கு பாதி அல்லது அதற்கு மேல் இருக்கும் எந்தக் கலவையும் அவருக்குச் சிறந்த உத்திதான். அடித்த அணியில் "எப்போதும் வடக்கு" என்ற ஒன்றே தெரிகிறது, மற்றவை மறைந்துவிட்டன.

ஆகவே கேள்வி "ஆட்ட மதிப்பும் ஒரு சிறந்த உத்தியும் காண்க" என்றால் சமம் வரும் இடத்திலும் தயங்காமல் அடிக்கலாம், மதிப்பு மாறாது. "எல்லாச் சிறந்த உத்திகளையும் காண்க" என்றால் கண்டிப்பான ஆதிக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள். கண்டிப்பான ஆதிக்கத்தில் எந்த வரிசையில் அடித்தாலும் கடைசியில் ஒரே அணிதான் மிஞ்சும். தளர்ந்த ஆதிக்கத்தில் யாரை முதலில் அடித்தோம் என்பதைப் பொறுத்து மிஞ்சும் அணி மாறலாம். பக்கத்தில் இருப்பவரின் 2×2 உங்களுடையதிலிருந்து வேறுபட்டு, மதிப்பு மட்டும் ஒன்றாக இருந்தால் இருவருமே சரியாக இருக்க வாய்ப்புண்டு. இருவரும் முழு அணியில் சரிபார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சுருங்காத அணி

கல், காகிதம், கத்தரி விளையாட்டின் 3×3 அணியில் எந்த நிரையையும் எந்த நிரலையும் அடிக்க முடியாது, கலவையாலும் முடியாது. மூன்றும் 1/3 வீதம் கலந்தே ஆகவேண்டும். பெரிய அணி பாதியில் இப்படி நின்றுவிட்டால், மிஞ்சியதில் ஒரு பக்கம் இரண்டே உத்திகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வரைபட முறை போதும், மறுபக்கம் எத்தனை உத்திகள் இருந்தாலும் சரி. இரண்டு பக்கமும் மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் அங்கிருந்து நேரியல் திட்டமிடலுக்குப் போய்விடுவதே நல்லது. எழுதும் அட்டவணை, அடித்த நிரை நிரல்கள் இல்லாமல், அந்த அளவுக்காவது சிறியதாக இருக்கும்.